கல்விக் கடனுக்கு பேங்க் தர்ற வட்டி சர்டிபிகேட்ல ஒரு தொகை, லோன் ஸ்டேட்மென்ட்ல வேற தொகை, வரிக் கழிவுக்கு எதை கிளெய்ம் பண்றது?

ஜனவரியில ஆபீஸ்ல ப்ரூஃப் கேக்கும்போது பேங்க் தர்றது ப்ரொவிஷனல் சர்டிபிகேட்தான், அதாவது மார்ச் வரைக்கும் எல்லா இஎம்ஐயும் ஒழுங்கா வந்துடும்னு நம்பி சிஸ்டம் போட்ட கணக்கு. நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு ஸ்டேட்மென்ட்தான் சொல்லும்.

பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு ஒரு கேஸ் பாப்போம். கல்விக் கடன், 2024 ஏப்ரல்ல அசல் பாக்கி 6 லட்சம், 10% வட்டி, இஎம்ஐ 12,000. மாசக் கடைசியில வட்டி டெபிட் ஆகும், அடுத்த மாசம் 5ஆம் தேதி இஎம்ஐ போகும். சர்டிபிகேட்ல வட்டி 56,041ன்னு இருக்கு. ஆனா 2025 மார்ச் 5 இஎம்ஐ பவுன்ஸ் ஆகி ஏப்ரல்லதான் கட்டினாங்க. அப்போ வருஷத்துக்குள்ள கட்டினது 11 இஎம்ஐ, மொத்தம் 1,32,000. அதுல அசலுக்குப் போனது 80,290, மீதி 51,710தான் கட்டின வட்டி. 4,331 இடிக்குது பாருங்க, அது பிப்ரவரி கடைசியில விழுந்த வட்டி.

கல்விக் கடனுக்கான 80இ பிரிவு அந்த வருஷம் நிஜமா கட்டின வட்டியைத்தான் ஒத்துக்கும், டெபிட் ஆனாலும் கட்டலைன்னா கிடையாது. அதனால 51,710தான் இந்த வருஷத்துக்கு, 4,331 அடுத்த வருஷக் கணக்குல வரும். படிக்கிற காலத்துல ஏறிக்கிட்டே போற வட்டிக்கும் இதே கதைதான், கட்டாத வரைக்கும் கழிவு இல்ல.

இதே பவுன்ஸ் வீட்டுக் கடன்ல நடந்திருந்தா விஷயமே வேற, ஏன்னா 24(பி) பிரிவு கட்ட வேண்டிய வட்டியைப் பாக்குது, கட்டினதை இல்ல, அதனால அந்த மாச வட்டியும் இந்த வருஷமே சேரும் (சொந்தமா குடியிருக்கிற வீடுன்னா 2 லட்சம்தான் உச்சவரம்பு, அது தனி). ஆனா அதே இஎம்ஐயோட அசல் பகுதி 80சில வரும், அங்க மறுபடியும் கட்டினாத்தான் உண்டு! ஒரே இஎம்ஐ, பாதி இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம். எரிச்சலான விதிதான், என்ன பண்றது.

சரி பாக்கறப்போ பலர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்டேட்மென்ட்ல வட்டி டெபிட்டை மட்டும் கூட்டினா வர்றது பேங்க் போட்ட வட்டி, கட்டின வட்டி இல்ல. கல்விக் கடனுக்கு ஒவ்வொரு டெபிட்டுக்கும் எதிர்ல அதை அடைச்ச கிரெடிட்டோட தேதியைப் பாருங்க, ஏப்ரல் 1க்கு முன்னாடி விழுந்து இந்த வருஷம் அடைஞ்சதை சேத்துக்கோங்க, மார்ச் 31 தாண்டி அடைஞ்சதை விட்டுடுங்க.

ஆபீஸ்ல ப்ரொவிஷனல் தொகையை வச்சு ஃபார்ம் 16 வந்திருந்தாலும் ரிட்டர்ன்ல சரியான தொகையைப் போட்டு, வித்தியாசத்துக்கு வரி வந்தா கட்டிடலாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்ன்லேருந்து 80இக்கு கடன் அக்கவுன்ட் நம்பர், வருஷக் கடைசி பாக்கி எல்லாம் கேக்கறாங்க, அந்தப் பாக்கியை ஜனவரி சர்டிபிகேட்லேருந்து எடுக்காதீங்க, மார்ச் 31 ஸ்டேட்மென்ட்லேருந்து எடுங்க.