முகம் கோணாமல் பாக்கி கேட்பது: மூன்று நினைவூட்டல்கள்

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். எம்ப்ராய்டரி, பிரிண்டிங், செக்கிங், பேக்கிங் என்று பத்துப் பதினைந்து ஆட்களோடு நடக்கும் யூனிட்டுகள். இவர்களுக்கு வேலை கொடுக்கும் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலானவையும் சிறியவைதான். அங்கேயும் வாங்குபவரிடமிருந்து பணம் வந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். இந்த நிலைமையில் பாக்கி கேட்பது பலருக்குச் சங்கடமாக இருக்கிறது. இரண்டு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, நூல் கடைக்காரர் நெருக்கும் நாளில் கோபமாக போன் செய்கிறார்கள். அந்த ஒரு போனில் பணமும் வராது, பார்ட்டியும் போய்விடும்.

மூன்று நினைவூட்டல்களைப் படிப்படியாக அனுப்பச் சொல்வது என் வழக்கம். படி ஏறுவது குரலில் இருக்கக் கூடாது, கேட்கும் விஷயத்தில் இருக்க வேண்டும். முதலாவது, பில் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்கும். இரண்டாவது, ஒரு தேதி கேட்கும். மூன்றாவது, நாம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும். மூன்றிலும் மரியாதை ஒரே அளவில்தான் இருக்கும்.

ஓர் எம்ப்ராய்டரி யூனிட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாயிரம் பீஸ், பீஸுக்கு 8 ரூபாய், ஆக 80,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து பில் 84,000. ஜூன் 2-ஆம் தேதி சரக்கும், டிசி என்ற டெலிவரி சலானும், பில்லும் போயாயிற்று, 30 நாள் கடன் என்று பேச்சு. அப்படியானால் ஜூலை 2-ஆம் தேதி பணம் வர வேண்டும்.

முதல் செய்தியை எழுதுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வர வேண்டியது 84,000 இல்லை. பார்ட்டி, பணம் தரும்போதே வருமான வரிக்காக டிடிஎஸ் என்று ஒரு பங்கைப் பிடிக்கும் நிறுவனம். நம் யூனிட் ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. எனவே ஜிஎஸ்டி நீங்கலான 80,000-க்கு 1 சதவீதம், அதாவது 800 ரூபாய் போக, கைக்கு வர வேண்டியது 83,200. தொகையை 84,000 என்று போட்டுக் கேட்டால், எதிரில் இருக்கும் அக்கவுன்ட்ஸ்காரர் “உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துவரவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்பார். அதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். அவர் மேல் தப்பு இல்லை. தொகை ஒத்துப்போகாத பில்லை எந்தக் கணக்காளரும் முதலாளி முன்னால் கொண்டுபோய் வைக்க மாட்டார்.

நாளும் முக்கியம். இங்கே நிறைய கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். வியாழன் தொடங்கியே கையில் இருக்கும் காசைச் சம்பளத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது என்று பார்ப்பவர்களும் உண்டு. அதனால் திங்கள் அல்லது செவ்வாய் காலை பதினொரு மணிவாக்கில் அனுப்பச் சொல்கிறேன். இந்த பில்லுக்கு ஜூலை 7, திங்கட்கிழமை. செய்தி முதலாளிக்குப் போகவில்லை, பில்லைக் கணக்கில் ஏற்றும் அம்மாவுக்குப் போனது:

“வணக்கம் மேடம். எங்கள் பில் எண் 118, தேதி ஜூன் 2, டிசி எண் 342. பில் தொகை ரூ.84,000, டிடிஎஸ் ரூ.800 போக வர வேண்டியது ரூ.83,200. ஜூலை 2-ஆம் தேதியோடு 30 நாள் முடிந்தது. பில் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பில்லும், நீங்கள் சீல் போட்டுக் கொடுத்த டிசியும் இத்துடன் இருக்கின்றன. பணம் ஏற்கெனவே போட்டிருந்தால் வங்கிப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் அனுப்பினால் போதும். நன்றி.”

இதில் “ஏன் இன்னும் தரவில்லை” என்ற தொனி எங்கேயும் இல்லை. பில் தொலைந்திருக்கலாம், யாரோ மேஜை டிராயரில் வைத்திருக்கலாம். அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பில்லையும் டிசியையும் மறுபடி இணைப்பதற்கும் அதுதான் காரணம். “பில் காப்பி அனுப்புங்கள்” என்ற பதிலுக்கே இடம் இருக்காது.

மறுநாள் பதில் வந்தது. பில் ஏறியிருக்கிறது, ஆனால் 120 பீஸ் குறைகிறதாம். பாக்கி கேட்ட பிறகுதான் இப்படிக் குறைகள் வெளியே வரும். உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பீஸுக்கு 8 ரூபாய் என்றால் இது 960 ரூபாய் விவகாரம். அதைத் தனியாகப் பேசலாம், மீதித் தொகை அதற்காக நிற்க வேண்டியதில்லை என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் டிசியில் பத்தாயிரம் என்று எழுதி சீல் போட்டிருந்தார்கள். காணாமல் போன 120 பீஸ் அவர்களுடைய செக்கிங் செக்‌ஷனிலேயே கிடந்தது. சீல் இல்லாத டிசியாக இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

குறை சொல்வதற்கும் சட்டத்தில் ஒரு காலம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால், வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பணம் தர வேண்டிய கெடு சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே ஓடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் இது உங்கள் உரிமை. அதற்காகத்தான் அந்தப் பதிவுக்கான உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடிக்கச் சொல்கிறேன். அது பில்லில் இருந்தால் போதும், நினைவூட்டலில் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது செய்தி ஜூலை 15, செவ்வாய். இந்த முறை முதலாளிக்கு:

“வணக்கம்ங்க அண்ணா. பில் எண் 118, ரூ.83,200, ஜூலை 2-ஆம் தேதி வர வேண்டியது. 7-ஆம் தேதி அக்கவுன்ட்ஸ் மேடத்திடம் கேட்டோம், பில் ஏறிவிட்டது என்றார்கள். 120 பீஸ் கணக்கும் சரியாகிவிட்டது. இந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை 20-ஆம் தேதிக்குள் நாங்கள் கட்ட வேண்டும். எந்தத் தேதியில் போடுவீர்கள் என்று சொன்னால், நூல் கடைக்கு அதை வைத்துத் தேதி சொல்லிக்கொள்வேன். ஒரே தடவையாகக் கொடுக்கச் சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள், பிரித்துக்கொள்ளலாம்.”

ஜிஎஸ்டி பற்றிய வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். அந்த 4,000 ரூபாய் இப்போது நம் கையிலிருந்து போகிறது. இது எந்த முதலாளிக்கும் புரியும், ஏனென்றால் அவரும் இதே தொல்லையில்தான் இருக்கிறார். “எனக்கு ரொம்பக் கஷ்டம்” என்று பொதுவாக எழுதுவதைவிட இப்படி ஒரு தேதியும் ஒரு காரணமும் இருப்பது நல்லது.

கடைசி வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். பிரித்துத் தரலாம் என்று நாமே சொன்னால் தள்ளிப்போடுவாரே என்று பயம். நான் பார்த்தவரை, முழுத்தொகை கையில் இல்லாதவர் போனை எடுக்காமல் இருப்பதுதான் பெரிய தள்ளிப்போடல். பாதி கொடுக்கலாம் என்று தெரிந்தால் எடுத்துப் பேசுவார். இவரும் பேசினார். 17-ஆம் தேதி போடுகிறேன் என்றார். போனில் சொன்னதை அன்றைக்கே “17-ஆம் தேதி என்று சொன்னீர்கள், நன்றி அண்ணா” என்று ஒரு வரி அனுப்பிவைத்தோம்.

17 போனது, பணம் வரவில்லை. சரக்கு கொடுத்து 45 நாளும் அன்றோடு முடிந்தது. இந்த இடத்தில்தான் சட்டத்தைக் காட்டி மிரட்டலாமா என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் 43பி(எச்) என்று சுற்றும் வருமான வரி விதி ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பது அது. ஆனால் ஜூன் மாத பில்லை மார்ச் 31-க்குள் எப்போது கொடுத்தாலும் அவருக்கு அந்த ஆண்டிலேயே கழிவு கிடைத்துவிடும். எனவே ஜூலையில் அதைச் சொல்வது வெறும் மிரட்டல். 180 நாளில் பணம் தராவிட்டால், வாங்கியவர் தான் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிக் கழிவைத் திருப்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதியும் இந்த பில்லுக்கு நவம்பர் கடைசியில்தான் வரும். அவருடைய ஆடிட்டர் ஒரு நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். அதன் பிறகு நாம் எழுதும் எதற்கும் மதிப்பு இருக்காது.

இன்னொரு தவறும் நடக்கும். அடுத்த வேலைக்காக வந்திருக்கும் பீஸைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய பாக்கியைக் கேட்பது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு சரக்கில் செய்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தச் சரக்கை வைத்துக்கொள்ளும் உரிமை வேலை செய்தவருக்கு உண்டு. அப்படி ஒப்பந்தம் இல்லாதபோது, பழைய பில்லுக்காகப் புதுச் சரக்கைப் பிடிக்கும் உரிமை ஜாப் ஒர்க்காரருக்குக் கிடையாது. ஷிப்மென்ட் தவறினால் நஷ்டக் கணக்கு நம் தலையில் வந்து விழும். புதிதாக வேலை எடுக்காமல் இருப்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. மூன்றாவது செய்தி, ஜூலை 22, அதைத்தான் சொன்னது:

“வணக்கம்ங்க அண்ணா. பில் எண் 118, ரூ.83,200. கெடு முடிந்து இன்றோடு 20 நாள். 17-ஆம் தேதி என்று சொல்லியிருந்தீர்கள், வரவில்லை. ஜிஎஸ்டி நாங்கள் கட்டிவிட்டோம். இந்த வாரம் ரூ.40,000-ம், மீதி ரூ.43,200 ஆகஸ்ட் 4-க்குள்ளும் போட்டுக் கொடுங்கள். இப்போது எங்களிடம் இருக்கும் 2,000 பீஸ் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்துவிடும், அதில் மாற்றம் இல்லை. அதற்கு அடுத்த டிசைனை இந்த பில் முடிந்த பிறகுதான் மெஷினில் ஏற்ற முடியும். ஏதாவது சிரமம் இருந்தால் நாளைக்கு நேரில் வருகிறேன், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.”

இப்படி எழுதினால் எழுதியபடி நடக்க வேண்டும். 2,000 பீஸ் வெள்ளிக்கிழமை போயே ஆக வேண்டும். புது டிசைன் வந்தால், எவ்வளவு நல்ல ரேட்டாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். இதற்குத் தயாராக இல்லாதவர் அந்த வரியை எழுதாமலே விடலாம். மூன்றாவதுக்கும் பதில் இல்லை என்றால் நான்காவது நினைவூட்டல் எழுத வேண்டாம். நேரில் போய், பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் சீலும் போட்ட ஒரு தாளை வாங்கி வாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிக்காக அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் மனு போடும் வழி இருக்கிறது. அங்கே போன பிறகு அந்தப் பார்ட்டியிடம் பழையபடி வேலை வாங்குவது கடினம், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்த பில்லில் அந்த அளவுக்குப் போகவில்லை. 24-ஆம் தேதி 40,000 வந்தது. அன்றைக்கே “பில் 118-இல் வரவு வைத்தாயிற்று, மீதி ரூ.43,200” என்று பதில் போட்டோம். எந்த பில்லுக்கு வரவு என்று எழுதாமல் விட்டால், நாலு மாதம் கழித்துக் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் குழப்பம். மீதியும் ஆகஸ்ட் 4-ஆம் தேதி மாலை வந்துவிட்டது. பிடித்த 800 ரூபாய் டிடிஎஸ் நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று ஆகஸ்டில் 26ஏஎஸ் படிவத்தில் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் மறுபடி அந்த அக்கவுன்ட்ஸ் அம்மாவுக்குத்தான் எழுத வேண்டும், முதல் செய்தியின் அதே தொனியில்.