மறுக்கப்பட்ட 12 மூடை: திரை முந்திக்கொண்டால் எப்படித் திரும்பி வருவது?

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நான் எழுதிக்கொடுத்த கையிருப்புச் செயலியில், சம்பா அரிசி 28 மூடை இருப்பதாக ஒரு நாள் காலையில் திரை காட்டியது. ஆலைக் களஞ்சியத்தில் இருந்தவை 2 மூடைகள் மட்டுமே. "தம்பி, கொம்பியூட்டர் இருபத்தெட்டு எண்டு சொல்லுது, ஸ்டோரில ரெண்டுதான் கிடக்கு" என்று கணக்கப்பிள்ளை தொலைபேசியில் சொன்னபோது, தரவுத்தளம்தான் பிழைத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். தரவுத்தளத்தில் 2 என்றே சரியாகப் பதிவாகியிருந்தது. பிழை முழுவதும் ஆலையின் கல்லடிக் கடையில் திறந்திருந்த உலாவியில், நான் எழுதிய நாலைந்து வரிகளில் இருந்தது. அந்த 28 எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், சேவையகத்தின் பதில் வருமுன் திரையை முந்தவிட்டுப் பின்னர் திருத்தும் முறை எங்கே இடறுகிறது என்பது விளங்கும்.

முதலில் திரை ஏன் முந்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயலியின் சேவையகம் சிங்கப்பூரில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து அங்கே நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய்வர ஆகும் 0.025 வினாடியை எவராலும் குறைக்க முடியாது. கைப்பேசி வலையமைப்பின் காத்திருப்பும் தரவுத்தளத்தின் வேலையும் அதனுடன் சேரும்போது கால் வினாடி, அரை வினாடி ஆவது இயல்பு. சமிக்ஞை நலிந்த இடத்தில் 2, 3 வினாடியும் ஆகும். விரல் பட்டதும் நடந்துவிட்டது என்ற உணர்வு வர, பதில் 0.1 வினாடிக்குள் வரவேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. ஆகவே, சேவையகம் பெரும்பாலும் 'சரி' என்றுதான் சொல்லும் என்று நம்பி, அதன் பதிலுக்குக் காத்திராமல் திரையை உடனே மாற்றிவிடுகிறோம். இதற்கு ஒப்டிமிஸ்டிக் அப்டேட் என்று பெயர். நம்பி மாற்றுதல் என்று இங்கே சொல்கிறேன். கடையில் ஆட்கள் நிற்கும்போது, ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

சேவையகம் மறுத்தால் என்ன செய்வது? பெரும்பாலான பயிற்சிப் பாடங்கள் காட்டும் வழி எளிமையானது. மாற்றுவதற்கு முன் பழைய மதிப்பை ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள். மறுப்பு வந்தால் அந்தப் படத்தை மீண்டும் திரையில் போடு. நானும் அப்படியே எழுதியிருந்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் நிலுவையில் இருந்தால் இது குறையில்லாமல் வேலை செய்யும் என்பதால், சோதித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

அன்று நடந்தது இதுதான். கல்லடிக் கடையின் திரையில் 40 மூடை தெரிந்தது. அதற்குச் சற்று முன்னர் கல்முனைக் கடை 38 மூடையை எடுத்துவிட்டதால் சேவையகத்தில் உண்மையில் 2 மூடையே மிஞ்சியிருந்தது. அந்தச் செய்தி கல்லடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. கல்லடியில் இருந்தவர் ஒரு வாடிக்கையாளருக்கு 12 மூடை ஒதுக்கினார். செயலி 40 என்று படம் எடுத்துவைத்துக்கொண்டு, 28 என்று காட்டியது. பதில் வருமுன் அடுத்தவருக்கு 5 மூடை ஒதுக்கினார். இம்முறை எடுத்த படம் 28. திரையில் தெரிந்தது 23. இனி மறுப்புகள் வருகின்றன. முதல் மறுப்பு வந்ததும் முதல் படம் மீண்டும் போடப்பட்டு 40 ஆனது. இரண்டாவது மறுப்பு வந்ததும் இரண்டாவது படம் போடப்பட்டு 28 ஆனது. இரண்டு ஒதுக்கீடுகளும் மறுக்கப்பட்ட பின்னரும், மறுக்கப்பட்ட 12 மூடையின் கழிவு திரையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது படம் எடுக்கப்பட்ட நேரத்தில் அதற்குள் ஏற்கெனவே ஓர் உறுதியாகாத மாற்றம் கலந்திருந்ததுதான் காரணம். படம் என்பது விளைவை மட்டும் காட்டும். அந்த விளைவில் எது உறுதியானது, எது நம்பி மாற்றியது என்பதை அது பிரித்துச் சொல்லாது.

இதற்குத் தீர்வு, அந்த இரண்டையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக வைத்திருப்பது. சேவையகம் கடைசியாக உறுதிசெய்த மதிப்பு ஓரிடத்தில் இருக்கட்டும்; அதை அடித்தளம் என்போம். அனுப்பப்பட்டும் பதில் வராத செயல்கள், '12 மூடை ஒதுக்கு', '5 மூடை ஒதுக்கு' என்று, செயலாகவே ஒரு வரிசையில் இருக்கட்டும். திரையில் தெரியும் எண்ணை எங்குமே சேமிப்பதில்லை. அடித்தளத்தின் மேல் வரிசையை ஒவ்வொன்றாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்கிறோம்:

```js
const shown = pending.reduce(
  (s, op) => (op.qty <= s ? s - op.qty : s),
  base
);
```

ஏறத்தாழ இதே எண்ணத்தை, இணையச் செயலிகள் பரவுவதற்கு முன்பே, ஸெரொக்ஸ் பார்க் ஆய்வாளர்கள் 1995இல் விவரித்த 'பாயு' என்ற சேமிப்பு முறையில் காணலாம். இணைப்பு அற்றுப்போகும் கையடக்கக் கணினிகளுக்காக, உறுதியான எழுத்துகளையும் தற்காலிக எழுத்துகளையும் பிரித்துவைத்து, வரிசை மாறினால் தற்காலிகமானவற்றை விலக்கி மீண்டும் ஓட்டும் முறை அது. ரியாக்ட் 19 உடன் 2024 டிசம்பரில் நிலைபெற்ற `useOptimistic` கூட, கணிப்புச் சார்பைக் கொடுத்தால், அடித்தளம் மாறும்போது நிலுவையில் உள்ளவற்றை அதன்மேல் திரும்ப ஓட்டிக் கணிக்கிறது.

அதே காலையை இந்த முறையில் ஓட்டிப் பார்ப்போம். அடித்தளம் 40, வரிசையில் 12உம் 5உம், திரையில் 23. முதல் ஒதுக்கீட்டுக்குச் சேவையகம் 409 என்ற முரண் குறியீட்டுடன் மறுப்பையும், 'இப்போது இருப்பது 2' என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. மறுப்புடன் உண்மை நிலையையும் அனுப்பச் சேவையகத்தை எழுதுவது மிகவும் முக்கியம். வெறும் 'முடியாது' என்பதை வைத்துக்கொண்டு உலாவியால் சரியான இடத்துக்குத் திரும்ப முடியாது. அடித்தளம் 2 ஆகிறது. வரிசையிலிருந்து 12 நீங்குகிறது. மிஞ்சிய 5, இருக்கும் 2ஐ விடப் பெரிது என்பதால் கணிப்பு அதைக் கழிக்காமல் விட்டுவிடுகிறது. திரையில் 2. இரண்டாவது மறுப்பு வந்ததும் வரிசை காலியாகிறது. திரையில் அப்போதும் 2. முன்நிலைக்குத் 'திரும்புதல்' என்று இங்கே எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய 40க்குப் போவது எந்த நேரத்திலும் சரியாக இருந்திருக்காது.

கல்முனைக் கடை 30 மூடை மட்டும் எடுத்திருந்தால் என்னவாகும்? சேவையகத்தில் 10 இருக்கும்; 12 மறுக்கப்படும், 5 ஏற்கப்படும். முதல் பதிலுக்குப் பின் அடித்தளம் 10, திரையில் 5. இரண்டாவது பதில் வரும்போது அடித்தளம் 5 ஆகி, வரிசை காலியாகி, திரையில் அதே 5 நிற்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: அடித்தளத்தை மாற்றுவதும் வரிசையிலிருந்து நீக்குவதும் ஒரே அடியில் நடக்க வேண்டும். அடித்தளத்தை முதலில் மாற்றித் திரையை வரைந்தால் அதே 5 இரண்டு தடவை கழிந்து ஒரு கணம் 0 தோன்றும். நீக்குவதை முதலில் செய்தால் ஒரு கணம் 10 தோன்றும். எண் துள்ளிவிட்டு நிலைகொள்வதைக் கண்டால், பெரும்பாலும் இந்த இரண்டு அடிகளும் பிரிந்துகிடக்கின்றன என்றே பொருள்.

இதே இரட்டைக் கழிவு இன்னொரு வாசலாலும் நுழையும். செயலி இப்போது 30 வினாடிக்கு ஒருமுறை கையிருப்பைத் தானாகப் புதுப்பிக்கிறது. ஒதுக்கீடு சேவையகத்தில் முடிந்து, அதன் பதில் வழியில் இருக்கும்போதே புதுப்பித்த கணக்கு முந்தி வந்துவிட்டால், அதில் 5 ஏற்கெனவே கழிந்திருக்கும். வரிசையிலும் 5 நிற்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு செயலுக்கும் உலாவியிலேயே `crypto.randomUUID()` மூலம் ஓர் அடையாளம் இடுகிறேன். கையிருப்பை அனுப்பும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணக்கில் அண்மையில் சேர்ந்த செயல்களின் அடையாளங்களையும், ஏறிக்கொண்டே போகும் ஒரு பதிப்பு எண்ணையும் சேவையகம் உடன் அனுப்புகிறது. அடையாளம் பொருந்தும் செயல் வரிசையிலிருந்து அப்போதே நீங்கும். பதிப்பு எண் பழையதானால் அந்தப் பதில் அடித்தளத்தைத் தொடாது.

அந்த அடையாளம் இதைவிடப் பெரிய ஓர் ஆபத்திலிருந்தும் காக்கிறது. பதில் வராமை மறுப்பு ஆகாது. 12 மூடை ஒதுக்கும் கோரிக்கை சேவையகத்தை அடைந்து, பதிவாகி, திரும்பும் பதில் மட்டும் சமிக்ஞை அறுந்து தொலைந்துபோகலாம். அதை மறுப்பாகக் கொண்டு திரையைத் திருப்பினால், கடைக்காரர் நியாயமாகவே மறுபடி அழுத்துவார். 24 மூடை போய்விடும். ஆகவே காலக்கெடு கடந்தால் வரிசையில் உள்ளதை அப்படியே வைத்து, 'இன்னும் உறுதியாகவில்லை' என்று அருகில் காட்டி, அதே அடையாளத்துடன் மீண்டும் அனுப்ப வேண்டும். சேவையகம் அந்த அடையாளத்தை ஒதுக்கீட்டுடன் ஒரே பரிவர்த்தனையில் எழுதிவைத்திருந்தால், இரண்டாம் முறை வரும்போது எதையும் கழிக்காமல் முதலில் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும். வரிசையிலிருந்து ஒரு செயலை மறுப்பாக நீக்குவது, சேவையகம் தன் வாயால் மறுத்த பிறகு மட்டுமே.

இனி, மறுப்பை மனிதருக்குச் சொல்லும் விதம். எண் மட்டும் சத்தமின்றி மாறினால், 12 மூடை ஒதுக்கியாயிற்று என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுத் தராசடிக்குப் போனவருக்கு எதுவும் தெரியாது. மூன்று வினாடியில் மறையும் அறிவிப்பும் அவருக்கு உதவாது. அந்த ஒதுக்கீட்டு வரியை அதே இடத்தில் நிறுத்தி, அவர் இட்ட வாடிக்கையாளர் பெயரையும் அளவையும் அழிக்காமல், 'கல்முனைக் கடை முந்திவிட்டது. 2 மூடை மீதம். 2ஐ ஒதுக்கவா, விடவா?' என்று அதன் கீழேயே கேட்பதைத்தான் நான் சரியென்று கருதுகிறேன். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை அது போகாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் கேட்கும்படி, அந்தச் செய்தி `role="alert"` உள்ள பகுதியில் எழுதப்படுகிறது.

இவற்றைச் சோதிக்க வேகமான இணைப்பு உதவாது. சோதனைச் சேவையகத்தில் முதல் கோரிக்கையின் பதிலை 3 வினாடி தாமதித்து மறுக்கச் செய்து, அதற்குள் இரண்டு தடவை பொத்தானை அழுத்திப் பாருங்கள். எல்லாப் பதிலும் வந்த பின் பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் தெரியும் எண்ணும், திறக்கும் முன் தெரிந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். என் பழைய வரிகள் இந்தச் சோதனையில் முதல் முறையே தோற்றன.

வரிசை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், திரைக்கு வெளியே போய்விட்ட ஒன்றை அதனால் மீட்க முடியாது. அச்சான லொறிச் சீட்டும், வாடிக்கையாளருக்குப் போன குறுஞ்செய்தியும், வாங்கிய பணமும் அப்படிப்பட்டவை. அதனால் அந்த ஆலையின் செயலியில் ஒதுக்கீடு மட்டும் முந்திக்கொள்ளும். அந்த ஒதுக்கீட்டுக்குரிய செயல் வரிசையில் நிற்கும்வரை சீட்டு அச்சிடும் பொத்தான் மூடியே இருக்கும், சேவையகத்தின் பதில் வந்த பிறகே திறக்கும்.