ரெப்போ குறைஞ்சிருச்சு, என் இஎம்ஐ மட்டும் ஏன் அப்படியே நிக்குது?

2025ல ஆர்பிஐ ரெப்போவை நாலு தடவை குறைச்சுது. பிப்ரவரில 6.50ல இருந்து 6.25, ஏப்ரல்ல 6.00, ஜூன்ல ஒரே அடியா 5.50, டிசம்பர்ல 5.25. ஒவ்வொரு தடவையும் டிவில "வீட்டுக்கடன் வட்டி குறையுது"னு ஓடும், மறுமாசம் அக்கவுண்ட்ல பாத்தா அதே இஎம்ஐதான் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் குறைஞ்சிருக்கும். இதுக்கு காரணம் பேங்க் ஏமாத்துறதுதான்னு எல்லா நேரமும் சொல்லிட முடியாது, பல நேரம் உங்க லோன் எந்த வகைங்கறதுலதான் விஷயம் இருக்கு.

முதல்ல ரெப்போன்னா என்னன்னு பாத்துருவோம். பேங்குகள் கையில இருக்குற அரசு பத்திரத்தை வச்சு ஆர்பிஐகிட்ட குறுகிய காலத்துக்கு கடன் வாங்குறப்ப கட்டுற வட்டிதான் அது. ஆனா பேங்க் உங்களுக்கு குடுக்குற லோன் பணம் பெரும்பாலும் ஆர்பிஐகிட்ட இருந்து வர்றது இல்ல, நம்மள மாதிரி ஆளுங்க போட்ட எஃப்டி, சேவிங்ஸ்ல இருந்து வர்றது. ரெண்டு வருசத்துக்கு 7.25 தர்றேன்னு சொல்லி வாங்கின எஃப்டிக்கு, நாளைக்கு ரெப்போ குறைஞ்சாலும் அந்த ரெண்டு வருசமும் பேங்க் 7.25 குடுத்துதான் ஆகணும். அதனால பேங்கோட செலவு உடனே இறங்காது. பழைய எஃப்டி முடிய முடிய, புதுசு கம்மி வட்டில சேர சேர, மெதுவாத்தான் இறங்கும்.

2016 ஏப்ரல்ல வந்த எம்சிஎல்ஆர் முறை இந்த செலவை வச்சுதான் வட்டியை கணக்கு போடுது, அதுலயும் வீட்டுக்கடன் பொதுவா வருசத்துக்கு ஒரு தடவைதான் மாறும். ஏறுறப்ப மட்டும் வேகமா ஏறுது, இறங்குறப்ப நகரவே மாட்டேங்குதுன்னு புகார் வந்துட்டே இருந்துச்சு. அதனால 2019 அக்டோபர் 1ல இருந்து பேங்குகள் புதுசா குடுக்குற, வட்டி ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன், வண்டிக்கடன், பர்சனல் லோன் எல்லாத்தையும் வெளி அளவுகோல் ஒண்ணோட கட்டிப்போடணும்னு ஆர்பிஐ சொல்லிருச்சு. முக்காவாசி பேங்க் ரெப்போவையே எடுத்துக்கிச்சு. இதுதான் ஈபிஎல்ஆர். ரெப்போ, அதுக்கு மேல பேங்க் தன் பங்குக்கு சேக்குற ஸ்ப்ரெட், ரெண்டும் சேந்ததுதான் உங்க வட்டி. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது அப்ப இருக்குற ரெப்போவுக்கு ஏத்த மாதிரி வட்டியை ரீசெட் பண்ணியே ஆகணும்.

இந்த ரீசெட் தேதிலதான் நிறைய பேருக்கு குழப்பம். 2025 ஜூன் 6 அன்னிக்கு ரெப்போ 5.50 ஆச்சு. உங்க லோனுக்கு ரீசெட் தேதி மே 1ஆ இருந்திருந்தா அடுத்தது ஆகஸ்ட் 1தான், அதுவரைக்கும் பழைய வட்டியேதான் ஓடும். இன்னொருத்தருக்கு ஜூலை 1லயே மாறியிருக்கும். ரெண்டுமே விதிப்படி சரிதான். உங்க தேதி என்னன்னு சாங்ஷன் லெட்டர்லயோ லோன் அக்ரிமென்ட்லயோ இருக்கும், எடுத்து ஒரு தடவை பாருங்க.

இப்ப ஒரு கணக்கு. 30 லட்சம், 20 வருசம், ரெப்போ 6.50 கூட ஸ்ப்ரெட் 2.50, ஆக 9 சதவீதம். இஎம்ஐ 26,992. ரெப்போ 5.50க்கு வந்ததும் வட்டி 8 ஆகும். கணக்கு சுலபமா இருக்க லோன் ஆரம்பத்துலயே இது நடந்ததா வச்சுக்குவோம். பேங்க் இஎம்ஐயை குறைச்சா 25,093, மாசம் 1,900 ரூபா கிட்ட மிச்சம். இஎம்ஐ அதே 26,992லயே விட்டா மாசம் ஒண்ணும் தெரியாது, ஆனா 240 மாசம் 204 மாசமா சுருங்கிரும், மூணு வருசம் முன்னாடியே லோன் முடியும், இஎம்ஐயை குறைச்சுக்கறதோட ஒப்பிட்டா மொத்தமா 5 லட்சத்துக்கு மேல மிச்சம். அதனால "இஎம்ஐ குறையவே இல்ல"னு கத்துறதுக்கு முன்னாடி ஸ்டேட்மென்ட்ல மீதி எத்தனை மாசம்னு பாருங்க, சத்தமில்லாம அங்க குறைஞ்சிருக்கலாம். கையில பணம் இறுக்கமா இல்லேன்னா நான் இஎம்ஐயை தொடவே மாட்டேன்.

இதுவே ஏறுறப்ப பயங்கரம். 2022 மே ஆரம்பத்துல 4.00ல இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள்ள 6.50 ஆயிருச்சு. 6.75ல 20 வருசத்துக்கு 30 லட்சம் வாங்கினவங்களுக்கு இஎம்ஐ 22,811, வட்டி 9.25 ஆனதும் 30 லட்சத்துக்கு மாச வட்டி மட்டுமே 23,125. அசல்ல கொஞ்சம் கழிஞ்சிருந்தாலும் கட்டுற இஎம்ஐ கிட்டத்தட்ட முழுக்க வட்டிக்கே போற நிலைமை. நிறைய பேங்க் சொல்லாம கொள்ளாம காலத்தை இழுத்துவிட்டுச்சு, ரிட்டயர் ஆனப்பறமும் லோன் ஓடும்ங்கற மாதிரி. இதுக்கப்புறம்தான் 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ ஒரு உத்தரவு போட்டுச்சு. ரீசெட் ஆகுறப்ப இஎம்ஐயை ஏத்தவா, காலத்தை நீட்டவா, இல்ல ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமாவான்னு உங்களை கேக்கணும். ஃபிக்சட் வட்டிக்கு மாறவான்னும் கேக்கணும்னு அப்ப இருந்துச்சு, 2025 அக்டோபர்ல இருந்து அது பேங்கோட விருப்பம். காலத்தை நீட்டுறேன்னு அசலே குறையாத நிலைமைக்கு கொண்டுபோகக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டின அசல், வட்டி, மீதி இஎம்ஐ எண்ணிக்கை, இப்ப இருக்குற வட்டி எல்லாம் போட்டு ஸ்டேட்மென்ட் தரணும். இது உங்க உரிமை, தரலேன்னா கேளுங்க.

ரெப்போ குறைஞ்சாலும் அசையாத லோனும் இருக்கு. ஃபிக்சட் வட்டில எடுத்த வண்டிக்கடன், பர்சனல் லோன், நகைக்கடன் எல்லாம் முடியுற வரைக்கும் அப்படியேதான். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்த 2019 விதியே கிடையாது, அவங்க தனக்குன்னு ஒரு ரேட் வச்சிருப்பாங்க, அவங்களா பாத்து குறைச்சாத்தான் உண்டு. பேங்க்லயே 2019க்கு முன்னாடி எடுத்து இன்னும் எம்சிஎல்ஆர்ல கிடக்குறவங்க ரெப்போவுக்கு மாத்திக்கலாம், நிர்வாக, சட்ட செலவுன்னு நியாயமான தொகை மட்டும்தான் வாங்கலாம். தானா யாரும் மாத்தித் தரமாட்டாங்க, பிராஞ்ச்ல எழுதிக் குடுக்கணும்.

ரெப்போ லோன்லயே ஒரு உள்குத்து இருக்கு, அதான் ஸ்ப்ரெட். புது ஆளுங்களை இழுக்க அவங்களுக்கு மட்டும் கம்மி ஸ்ப்ரெட் போடுவாங்க, உங்களுக்கு பழைய 2.50 அப்படியே நிக்கும். போட்டி பேங்கோட ஆஃபரை கையில வச்சுட்டு குறைச்சுக் கேக்குறதுல தப்பே இல்ல, சொந்த தேவைக்கு எடுத்த ஃப்ளோட்டிங் லோனை வேற பேங்க்குக்கு மாத்தினா முன்கூட்டியே அடைக்கறதுக்கான ஃபோர்க்ளோஷர் சார்ஜை தனி ஆளுக்கு போட முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். எழுத்துல புகார் குடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லேன்னா cms.rbi.org.in போய், பேங்க் புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட போடலாம், காசு கிடையாது.

டெபாசிட் பக்கம் வந்தா கதை தலைகீழ். ஏற்கெனவே போட்ட எஃப்டிக்கு ஒண்ணும் ஆகாது, முதிர்வு வரைக்கும் சொன்ன வட்டி வரும். அடி விழுறது ரின்யூ பண்றப்பதான், அதுவும் ஆட்டோ ரின்யூவல் போட்டிருந்தா அன்னிக்கு என்ன ரேட்டோ அதுல கமுக்கமா சேந்துரும். எஃப்டி வட்டியை நம்பி இருக்குற பெரியவங்களுக்கு இது நேரடி இழப்பு. சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டி பெரிய பேங்க் பலதுல 2025லயே 2.5க்கு வந்துருச்சு. போஸ்ட் ஆபீஸ் ஸ்கீம் வட்டியை ஆர்பிஐ இல்ல, மத்திய அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை முடிவு பண்ணுது. 2020 ஏப்ரல்ல பிபிஎஃப் 7.1 ஆச்சு, அதுக்கப்புறம் ரெப்போ 4 வரைக்கும் இறங்கி 6.50க்கு ஏறி மறுபடி இறங்கியும் 2025 முழுக்க அதே 7.1தான்.