விலாவில் அடி: முறிவா, ஊமைக்காயமா?

குளியலறையில் வழுக்கி, வலது விலா வாஷ்பேசின் விளிம்பில் மோதி விழுந்த அன்று எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை தும்மியபோதுதான் உயிர் போனது. சரியாக ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், சுருக்கென்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "முறிவு எதுவும் தெரியலை" என்றார் டாக்டர். அப்பாடா என்று எழுந்தேன். "தெரியலைன்னுதான் சொன்னேன், இல்லைன்னு சொல்லலை" என்று உட்கார வைத்தார்.

விலா எலும்பு வளைந்தது, ஒன்றின் மேல் ஒன்றாகப் படத்தில் விழுவது, பின்னணியில் இதயமும் நுரையீரலும் வேறு. விலகாத மெல்லிய விரிசல் அதில் எளிதாக ஒளிந்துகொள்ளும். சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் விலா முறிவுகளில் பாதி வரைகூடத் தப்பிவிடும் என்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஆனால் எளிய முறிவுக்கும் ஊமைக்காயத்துக்கும் வைத்தியம் ஒன்றுதான் என்பதால் அதற்காகவே யாரும் எடுப்பதில்லை. அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? எலும்பைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் நுரையீரலைப் பார்க்க.

கையாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். டாக்டர் ஒரு கையை நடுமார்பிலும் இன்னொன்றை முதுகிலும் வைத்து மெதுவாக அழுத்தினார். அடிபட்ட இடத்தை அவர் தொடவே இல்லை, ஆனாலும் வலி அங்கேதான் வந்தது. விலா ஒரு வில் மாதிரி, இரண்டு முனையையும் நெருக்கினால் நடுவில் விரிசல் இருக்கும் இடம் வாய் திறக்கப் பார்க்கும். சதை மட்டும் நசுங்கியிருந்தால் பெரும்பாலும் நேராக அழுத்தும்போதுதான் வலிக்கும். இதை வைத்துச் சந்தேகப்படலாம், அடித்துச் சொல்ல முடியாது. வீட்டில் யாரையும் விட்டு அழுத்திப் பார்க்காதீர்கள்.

விழாமலே, வெறும் இருமலில்கூட விலா விரியும். பக்கவாட்டில் உள்ள நடு விலாக்களில் ஒரு தசை மேலே இழுக்கும், வயிற்றிலிருந்து வரும் இன்னொரு தசை கீழே இழுக்கும். வாரக்கணக்கில் இருமும்போது இந்த இழுபறி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது, கம்பியை மடக்கி நிமிர்த்தி ஒடிப்பது போல. எலும்பு மெலிந்தவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல், ஆனால் கக்குவான் இருமல் வந்தால் நல்ல எலும்பும் தப்பாது.

சரி, டாக்டர் எதைக் கவனிக்கச் சொன்னார்? மூச்சை. வலிக்கிறதே என்று நாம் மேலோட்டமாக மூச்சு விடுவோம், இருமலை அடக்குவோம். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சுருங்கிப்போகும், சளி அங்கேயே தேங்கும், சில நாளில் நிமோனியா. அதனால்தான் வலி மாத்திரையை வீம்புக்குச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது, அது சொகுசுக்கு இல்லை, ஆழமாக மூச்சு இழுக்க. (சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் எந்த மாத்திரை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பத்து ஆழ்ந்த மூச்சு, இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமுவது. முன்பெல்லாம் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவார்கள், மூச்சைச் சுருக்கிவிடுகிறது என்பதால் அந்தப் பழக்கம் இப்போது இல்லை.

மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். உடைந்த முனை குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கலாம், சில சமயம் அடிபட்டு ஓரிரு நாள் கழித்தும் சேரும். காய்ச்சலோடு மஞ்சளோ பச்சையோ சளி, இருமலில் ரத்தம் வந்தாலும் அப்படியே. கீழ் விலாக்களில் அடி என்றால் வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இடது விலாவில் அடிபட்டவருக்கு வயிற்று வலியும் தலைசுற்றலும் வந்து, தோளில் அடியே படாமல் இடது தோள் நுனி வலித்தால் மண்ணீரல் கசிகிறதோ என்று பார்ப்பார்கள், உள்ளே கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்த, மூளை அதைத் தோள் வலியாக எடுத்துக்கொள்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், மூன்று விலாவோ அதற்கு மேலோ முறிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. அடியும் இல்லை, இருமலும் இல்லை, நெஞ்சு மட்டும் வலிக்கிறது என்றால் அது இந்தக் கதையே இல்லை, உடனே போக வேண்டியது.

ஊமைக்காயம் பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் அடங்கும், முறிவுக்கு ஆறு வாரமும் அதற்கு மேலும் ஆகும். எனக்கு நான்காவது வாரமும் தும்மல் பயமாகத்தான் இருந்தது, ஆறாவது வாரத்தில் ஒருநாள் இரவு விழிக்காமலே புரண்டு படுத்திருக்கிறேன். மறுபடி எக்ஸ்ரே எடுக்கவில்லை. அது முறிவா ஊமைக்காயமா என்பது அந்த விலாவுக்குத்தான் வெளிச்சம்.