பின்னேர அழுகைக்குச் சொட்டு மருந்து: எது, எவ்வளவு, உண்மையில் பலன் உண்டா?

“பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிவரை நிப்பாட்டமாட்டான் டொக்டர்” என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாய் பையிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்து என் மேசையில் வைத்தார். அக்கராயன் பக்கம் வீடு. குழந்தைக்கு ஆறு வாரம். பிறந்தபோது 2.9 கிலோ, அன்றைக்கு 4.3 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். கூட வந்திருந்த அம்மம்மாவின் கண்களைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த வீட்டில் மூன்று கிழமையாக ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

முதல் போத்தல் இங்கே பாமசியில் வாங்கியது. சிமெதிகோன், ஒரு மில்லிலீற்றரில் 40 மில்லிகிராம். இரண்டாவதும் சிமெதிகோன்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து சித்தி அனுப்பியது. அதில் 0.3 மில்லிலீற்றரிலேயே 20 மில்லிகிராம் இருக்கிறது. மூன்றாவது போத்தல், மச்சாள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குத்துக்கு வாங்கி மிஞ்சியது. லேபலைத் திருப்பிப் பார்த்தேன். சிமெதிகோனோடு டைசைக்ளோமினும் சேர்ந்திருந்தது.

“அதை இன்னும் குடுக்கேல்லை டொக்டர், இண்டைக்கு இரவு குடுத்துப் பாப்பம் எண்டு இருந்தனாங்கள்” என்றார் அம்மம்மா.

அந்தப் போத்தலை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். டைசைக்ளோமின், டைசைக்ளோவரின் என்ற இரண்டு பெயரிலும் வரும் இந்த மருந்து குடலின் தசையைத் தளர்த்தும். ஒருகாலத்தில் குழந்தைகளின் வயிற்றுக்குத்துக்கு இதைத்தான் கொடுத்தார்கள், அழுகையும் குறைந்தது. ஆனால் சில கைக்குழந்தைகளுக்கு மூச்சு நின்றுபோனது, வலிப்பு வந்தது, உடம்பு துவண்டது. அதனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது கொடுக்கவே கூடாது. பெட்டியில் சிரிக்கிற குழந்தையின் படம் இருக்கலாம், சிமெதிகோன் என்று பெரிய எழுத்தில் இருக்கலாம். கீழே சின்ன எழுத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கண் தெரியாவிட்டால் பாமசியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, மருந்துக்கு முன் குழந்தையைப் பார்க்க வேண்டும். உடுப்பு முழுவதையும் கழற்றித்தான் பார்ப்பேன். விதைப்பையில் குடலிறக்கம் இருக்கிறதா, கால் விரலில் தாயின் தலைமயிர் சுற்றி இறுகியிருக்கிறதா, இடுப்பிலும் கையிலும் கட்டிய கறுப்பு நூல் தோலை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், இவற்றில் எதுவும் ஒரு குழந்தையை மணிக்கணக்காக அழவைக்கப் போதும். காய்ச்சல் இல்லை, பச்சை வாந்தி இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான், சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறுகிறது. அழாத நேரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கியிருக்கிறான். இப்படி வேறு காரணம் ஒன்றும் இல்லாமல், நன்றாக வளர்கிற, ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தை தேற்ற முடியாமல் திரும்பத் திரும்ப நீண்ட நேரம் அழுதால் அதைத்தான் கொலிக் என்கிறோம். ஆறு வாரமளவில் அது உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். இந்தக் காலக்கணக்கை மனதில் வைத்திருங்கள், மருந்துகளைப் பற்றிக் கதைக்கும்போது அது மறுபடி வரும்.

சிமெதிகோன் குடலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உடைத்து ஒன்றாக்கும், நுரை அடங்குவதுபோல. இரத்தத்துக்குள் போகாது, மலத்தோடு அப்படியே வெளியேறிவிடும். வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 20 மில்லிகிராம், பால் கொடுத்த பின்னும் இரவு படுக்கைக்கு முன்னும் என்று நாளைக்கு நான்கு தடவை. சில தயாரிப்புகளில் ஒவ்வொரு பாலுக்கும் முன் கொடுக்கச் சொல்லியிருக்கும். இந்தத் தாய் செய்த பிழை வேறு. முதல் போத்தலின் டிரொப்பரில் அரை மில்லிலீற்றர் எடுத்தால் சரியாக 20 மில்லிகிராம். அது முடிந்ததும் அதே டிரொப்பரால் வெளிநாட்டுப் போத்தலிலிருந்தும் அரை மில்லிலீற்றர் எடுத்திருக்கிறார், அதில் 33 மில்லிகிராம் வந்துவிடும். சிமெதிகோன் என்றபடியால் ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு அதே கையும் அதே டிரொப்பரும் மூன்றாவது போத்தலுக்குள் போயிருந்தால்? அதனால் “அரை டிரொப்பர்” என்று அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதீர்கள். எத்தனை மில்லிகிராம், இந்தப் போத்தலில் அது எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டு, அந்தப் பெட்டியோடு வந்த டிரொப்பரால் மட்டும் எடுங்கள்.

ஒரு குழந்தைக்கு மட்டும் சிமெதிகோனும் தொந்தரவு தரலாம். பிறவியிலேயே தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் குடிக்கிற குழந்தைக்கு, அந்த மருந்து உடம்பில் சேர்வதை இது குறைக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணித்தியாலமாவது விடவேண்டும், உங்கள் டொக்டரிடமும் சொல்லவேண்டும்.

இனி, அது வேலை செய்கிறதா என்ற கேள்வி. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் 83 குழந்தைகளுக்குச் சிமெதிகோனையும் மருந்தில்லாத வெறும் சொட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எது எது என்று பெற்றோருக்கும் தெரியாது. சிமெதிகோனில் மட்டும் தேறியவர்கள் நூற்றுக்கு 28, வெறும் சொட்டில் மட்டும் தேறியவர்கள் நூற்றுக்கு 37, இரண்டிலும் தேறியவர்கள் நூற்றுக்கு 20. பிறகு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வும் சிமெதிகோன் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. “எங்கட பிள்ளைக்குக் கேட்டது டொக்டர்” என்று பலர் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில்தான் எல்லாரும் மருந்து தேடுகிறார்கள், அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அழுகை குறையத்தான் போகிறது. வயிறு ஊதியிருப்பதும்கூடப் பெரும்பாலும் அழும்போது விழுங்கிய காற்றால்தான்.

உயிருள்ள நல்ல நுண்ணுயிர்களைச் சொட்டாகக் கொடுக்கும் புரோபயோட்டிக்கின் கதை கொஞ்சம் வேறு. இங்கே பெயர் முக்கியம். ஆய்வுகளில் அதிகம் சோதித்துப் பார்த்தது லக்டோபசிலஸ் ரியூட்டரி DSM 17938 என்ற ஒரு குறிப்பிட்ட வகை நுண்ணுயிரை. அளவு நாளைக்கு ஒரு தடவை ஐந்து சொட்டு, அதில் 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கும். இந்த இனத்தை ஆராய்ந்த நான்கு ஆய்வுகளில் இருந்த 345 குழந்தைகளின் விபரங்களை ஒன்றாகச் சேர்த்து 2018இல் பார்த்தார்கள். மருந்தில்லாத சொட்டுக் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், 21ஆம் நாளில் ரியூட்டரி குடித்தவர்களின் அழுகை சராசரியாக 25 நிமிடமளவில் கூடுதலாகக் குறைந்திருந்தது. இந்தப் பலன் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. மா பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பலன் என்று சொல்ல முடியவில்லை. மெல்பேர்னில் 167 குழந்தைகளில் செய்து 2014இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் பலனே தெரியவில்லை, அதில் மா பால் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஆகவே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, வீட்டில் காசுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை என்றால் மூன்று கிழமை கொடுத்துப் பார்ப்பதை நான் மறுப்பதில்லை. மா பால் குழந்தை என்றால் எழுதிக் கொடுப்பதில்லை. குறைமாதக் குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் வேண்டவே வேண்டாம், சிகிச்சை தரும் டொக்டர் சொன்னால் தவிர. உயிருள்ள நுண்ணுயிர் அவர்களுடைய இரத்தத்துக்குள் போய்விடலாம். அப்படி ஒரு குறைமாதக் குழந்தை இறந்த பின் 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விடுத்தது. பாமசியில் “இது இல்லை, ஆனா இதுவும் புரோபயோட்டிக்தான்” என்று வேறொன்றைத் தந்தால் வாங்காதீர்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் நுண்ணுயிர் வேறு, கொலிக்குக்குச் சோதித்தது வேறு.

வன்னியின் வெயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் எண்ணெய்க்குள் உயிரோடு இருக்கின்றன, சூட்டில் செத்துப்போகும். பெட்டியில் 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாமசியில் குளிரூட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், மோட்டார் சைக்கிளின் சீற்றுக்கு அடியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் வைக்கக் கேளுங்கள். கொடுக்கும்போது நன்றாகக் குலுக்குங்கள், அடியில் படிந்திருக்கும். கரண்டியில் ஐந்து சொட்டு எடுத்து அப்படியே வாயில் விடலாம், சூடான எதிலும் கலக்கவேண்டாம்.

அந்தத் தாய்க்கு மூன்றாவது போத்தலை என்னிடமே விட்டுப்போகச் சொன்னேன். சிமெதிகோனை நிறுத்தினோம். நாளைக்கு ஐந்து சொட்டு ரியூட்டரி, கூடவே ஒரு கொப்பியில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு அழுகை நின்றது என்று எழுதச் சொன்னேன். ஓமத்தண்ணி வேண்டாம், ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும் என்று அம்மம்மாவுக்கும் சொன்னேன். தாங்க முடியாத நேரம் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் முற்றத்துக்குப் போய் நிற்கலாம், எந்தக் கோபத்திலும் குலுக்கக் கூடாது, மூளைக்குள் இரத்தம் கசியும் என்றும் சொன்னேன்.

மூன்று கிழமை கழித்துக் கொப்பியோடு வந்தார். முதல் கிழமையில் நாளுக்கு மூன்றரை மணித்தியாலமளவில் இருந்தது, மூன்றாவது கிழமையில் ஒன்றரை மணித்தியாலம். “மருந்துதானே டொக்டர்?” என்று கேட்டார். கொஞ்சம் மருந்தாக இருக்கலாம், ஒன்பது வாரம் ஆனதும் காரணம், எவ்வளவு எது என்று இந்தக் கொப்பியால் பிரிக்க முடியாது என்றேன். போத்தல் முடிந்திருந்தது, இரண்டாவது வாங்கச் சொல்லவில்லை.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, அழுகை வழமையைவிட வேறு மாதிரிக் கீச்சென்று இருந்தாலோ சொட்டு மருந்து ஒன்றும் கொடுத்துப் பார்க்காமல் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் எல்லாப் போத்தல்களையும், கொடுத்தது கொடுக்காதது என்று பாராமல், ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.