நேரம் தவறமாட்டார், சரி... அப்புறம்?

தரமணியில் ஓர் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கும் வாசகி ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். வந்திருந்த பரிந்துரைக் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லையாம். ஆனாலும் படித்து முடித்ததும் ‘இந்தப் பையன் வேண்டாம்’ என்று தோன்றிவிட்டதாம். ஏன்?

கடிதத்தின் சாரம் இது: “இரண்டு ஆண்டுகள் என் ஆய்வகத்தில் இருந்தார். நேரம் தவறமாட்டார். கருவிகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வார். எல்லாரிடமும் இனிமையாகப் பழகுவார்.” வேலையோ, செல் வளர்ப்புச் சோதனைகளைத் தனியாகத் திட்டமிட்டுச் செய்யும் வேலை.

இதே புதிரை பால் கிரைஸ் என்ற தத்துவவியலாளர் 1967இல் ஹார்வர்டு உரைகளில் எடுத்துக்கொண்டார். 1975இல் அது அச்சில் வந்தது. தத்துவ வேலைக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதுகிறார்: ஆங்கிலம் அருமை, வகுப்புக்கு ஒழுங்காக வருவார். அவ்வளவுதான் கடிதம்.

நம் மூளை இங்கே போடும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எழுதியவருக்கு மாணவரை நன்றாகத் தெரியும். இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். எழுத விருப்பமில்லை என்றால் எழுதாமலே இருந்திருக்கலாம், எழுதியிருக்கிறார். ஆக, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரே காரணம், அதை எழுத்தில் வைக்க மனம் வரவில்லை என்பதுதான். திறமை இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நாம்தான் அங்கே போய்ச் சேர்கிறோம்.

இந்த முடிவு கடிதத்தின் சொற்களில் இல்லை என்பதைச் சுலபமாகச் சோதிக்கலாம். அதே கடிதத்தை ஆய்வகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பிப் பாருங்கள், நல்ல கடிதமாகிவிடும். அல்லது “சோதனைகளை அவருடைய இணை வழிகாட்டிதான் நேரில் பார்த்தார், அவரைக் கேளுங்கள்” என்று ஒரு வரி சேருங்கள். சந்தேகம் அப்படியே கரைந்துபோகும்.

அப்படியானால் அந்த மூன்று அனுமானங்களில் ஒன்று பொய்த்தாலும் கணக்கு தப்பாகிவிடும். நம் ஊரில் அடிக்கடி பொய்ப்பது, அவர்தான் எழுதியிருக்கிறார் என்கிற மூன்றாவதுதான்: கடிதத்தை எழுதியது யார்? “நீயே ஒரு டிராஃப்ட் போட்டுக் கொண்டு வாப்பா” என்று சொல்லும் பேராசிரியர்கள் ஏராளம். தன்னைத் தானே புகழக் கூச்சப்படுகிற பையன் நேரந்தவறாமையைத்தான் எழுதுவான். டி.சி.யில் நடத்தை ‘நன்று’ என்று இருப்பதைப் போலத்தான் இதுவும். எல்லாருக்கும் அதையே போடுவதால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரே பேராசிரியரின் இரண்டு மூன்று கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது அவர் வழக்கம், எது வேண்டுமென்றே விட்டது என்று பிடிபடும்.

இல்லையா, ஒரு போன் போடுங்கள். விண்ணப்பதாரரின் பெயருக்கு எண் கணிதம் பார்க்கிறவர்கள்கூட இதற்கு ஏன் தயங்குகிறார்களோ! ‘எப்படிப்பட்டவர்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘சோதனை சொதப்பியபோது என்ன செய்தார்?’ என்று கேளுங்கள்.

வாசகி அப்படியே கேட்டாராம். “லெட்டரா? அவனே எழுதிட்டு வந்தான்மா, நான் கையெழுத்துதான் போட்டேன்” என்றாராம் பேராசிரியர். “மூணு வாரமா செல் எல்லாம் பூஞ்சை பிடிச்சுச் செத்துட்டு இருந்தது. இன்குபேட்டர் தண்ணித் தட்டுலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சதே அவன்தான்.”