வெளிநாட்டு வேலைக்குப் போகிறீர்களா? எது விமானத்தில், எது கப்பலில், எது அங்கே போய் வாங்க

மூன்று நான்கு ஆண்டு வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் மூட்டை கட்டும் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்பது, "கிலோவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். கேள்வி இயல்பானது. ஆனால் கப்பலில் போகும் வீட்டுச் சாமானுக்குக் கிலோ கணக்கே கிடையாது. விமானத்தில் பெரும்பாலும் எடைக்குக் காசு, கப்பலில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குக் காசு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பொருள் எந்த வழியில் போக வேண்டும் என்பது பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

முதலில் பயணிகளோடு போகும் லக்கேஜ். எகானமி வகுப்பில் பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரை அனுமதிக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக் கூடாது. 55 x 55 x 48 செ.மீ. அட்டைப்பெட்டி இதற்குள் சரியாக அடங்கும். அதன் கொள்ளளவு 145 லிட்டர். அதில் 23 கிலோ என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 160 கிலோ. விமானச் சரக்காகத் தனியே அனுப்பினாலும் எடைக்கா, இடத்துக்கா என்று பிரிக்கும் கோடு ஏறக்குறைய அங்கேயேதான் விழுகிறது. நீள, அகல, உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது 'கொள்ளளவு எடை'. அதையும் உண்மை எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 60 x 40 x 40 செ.மீ. பெட்டி நிறையத் தலையணை வைத்தால் தராசில் நான்கு கிலோ காட்டும். ரசீதில் 16 கிலோ இருக்கும்.

கப்பலில் கோடு வெகு தூரம் தள்ளி விழுகிறது. ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது அதிகமோ அதற்குக் கட்டணம். வீட்டுச் சாமானில் மிகவும் கனமானவை புத்தகங்கள். அவற்றை நெருக்கி அடுக்கினாலும் ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தொடாது. ஆகவே கடல் வழியில் நீங்கள் எப்போதும் இடத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பார்க்கச் சிறியதாகவும் தூக்கக் கனமாகவும் இருப்பதற்குக் கப்பல் ஏற்றது. சோபா, கட்டில், மெத்தை போல உள்ளே காற்றும் பஞ்சுமாக இருப்பவை எந்த வழியில் போனாலும் நஷ்டம்தான்.

சின்ன சரக்கில்தான் ஏமாற்றம்

முழுக் கண்டெய்னரும் தேவைப்படாதவர்கள் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்புவதை எல்.சி.எல். என்பார்கள். "ஒரு கன மீட்டர் இவ்வளவுதான்" என்று மிகக் குறைந்த தொகை சொல்லப்படுவது இதில்தான். அந்தத் தொகை பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் மட்டுமே. இறங்கும் இடத்தில் கண்டெய்னரைப் பிரித்துச் சரக்கை எடுக்கும் கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், சுங்க ஏஜென்ட் கூலி, வீடுவரை வண்டி வாடகை என்று அடுத்தடுத்து வரும். சரக்கை எடுக்கத் தாமதமானால் நாள்கணக்கில் கிடங்கு வாடகையும் சேரும். இவற்றில் பல, நீங்கள் ஒரு கன மீட்டர் அனுப்பினாலும் ஆறு அனுப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை எண்களில் வைத்துப் பார்ப்போம். கீழே வருபவை விலைகள் அல்ல, விகிதம் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட அலகுகள். கடல் கட்டணம் கன மீட்டருக்கு 100, இரு முனையிலும் மாறாத செலவுகள் சேர்ந்து 900 என்று கொள்ளுங்கள். 1.5 கன மீட்டர் அனுப்பினால் 150-உம் 900-உம் சேர்ந்து 1,050; கன மீட்டருக்கு 700 விழுகிறது. 6 கன மீட்டர் என்றால் மொத்தம் 1,500; கன மீட்டருக்கு 250 மட்டுமே. விளம்பரத்தில் இருந்த 100 இரண்டு கணக்கிலும் உண்மை விலை அல்ல. அதனால் 'வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, சேருமிடச் செலவுகள் உட்பட' என்று எழுத்தில் விலை வாங்குங்கள். எதெல்லாம் சேரவில்லை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஏஜென்ட் இழுத்தடித்தால் வேறு ஆளைப் பார்ப்பதே நல்லது.

அளவு எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாமானை அளப்பதில்லை, கட்டிய பிறகு வெளிப்புறத்தைத்தான் அளப்பார்கள். மரப் பலகை மேல் அடுக்கிக் கட்டினால் பலகையின் உயரமும் கணக்கில் சேரும். மேலே வேறு சரக்கு வைக்க முடியாதபடி கோணலாக அடுக்கியிருந்தால், காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் நீங்களே காசு கட்ட நேரலாம். ஒரே அளவுப் பெட்டிகளாகத் தேர்ந்தெடுத்து மேல்மட்டம் சமமாக முடியும்படி அடுக்கச் சொல்லுங்கள். பலகையும் மரக்கூடும் வெப்பத்தில் பதப்படுத்தியதற்கான கோதுமைக்கதிர் முத்திரையோடு இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தைப் பல நாடுகள் துறைமுகத்திலேயே நிறுத்திவிடும்; புகையூட்டும் செலவு உங்கள் தலையில் விழும்.

ஒரு குடும்பத்தின் பட்டியல்

கணவன், மனைவி, ஒரு குழந்தை. மூன்று ஆண்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். கட்டிய நிலையில் சோபா 1.5 கன மீட்டர், மெத்தையோடு பெரிய கட்டில் 1, குழந்தையின் கட்டில் 0.45, மேசையும் நான்கு நாற்காலியும் 1.2, ஃபிரிட்ஜ் 1, வாஷிங் மெஷின் 0.4, அலமாரி 0.9. இதுவரை 6.45. புத்தகம் 12 சிறு பெட்டி, சமையல் பாத்திரம் 6 பெட்டி, தையல் மெஷின் எல்லாம் சேர்ந்தால் 1 கன மீட்டர் சொச்சம். ஆக மொத்தம் ஏழரை; அடுக்கும்போது வீணாகும் இடத்தோடு எட்டு என்று கொள்ளலாம். மேற்சொன்ன அலகில் 800-உம் 900-உம் சேர்ந்து 1,700.

இப்போது மூன்றாண்டு முடிவில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாமானைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு 1,700 வேண்டும். அலுவலகம் திரும்பும் செலவையும் தருகிறதா என்று பணி ஒப்பந்தத்தில் பார்க்காமல், போகும் செலவை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் மிகப் பலர். அங்கேயே விட்டுவிடுவதாக இருந்தால், விற்கப் போகிற பழைய சோபாவுக்குக் கடல் கடக்கும் செலவை நீங்கள் கட்டியதாக ஆகிறது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே சோதனையைச் செய்யுங்கள்: அதன் கன அளவை முழு விலைப்பட்டியலின் கன மீட்டர் விலையால் பெருக்குங்கள். திரும்பக் கொண்டுவருவதாக இருந்தால் இரட்டியுங்கள். அந்தத் தொகைக்கு அங்கே அதே தரத்தில் பழையதாக ஒன்று கிடைக்குமா?

மின்சாரம் இன்னொரு தடை. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, ஐரோப்பாவில் 230. லேப்டாப், போன் சார்ஜர்களில் பெரும்பாலும் 100-240 என்று அச்சாகியிருக்கும். பிளக் மட்டும் மாற்றினால் போதும். மோட்டார், ஹீட்டர் உள்ள சாதனங்கள் அப்படியல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்கும் அமெரிக்காவின் 60-க்கும் உள்ள வேறுபாட்டை அது சரிசெய்யாது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இதிலேயே பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். கட்டில் சட்டத்தின் அளவும் நாட்டுக்கு நாடு மாறுவதால் பின்னர் மெத்தை, விரிப்பு மாற்றுவதும் தொல்லை.

மரச்சாமானும் மின்சாதனமும் போனால் மீதி 1 கன மீட்டர் சொச்சம். ஆனால் அதற்கும் கப்பலில் 1,000 அலகுக்கு மேல் ஆகிறது! ஏழு கன மீட்டரைக் குறைத்தும் 700 மட்டுமே மிச்சம். இந்த இடத்தில் முன்கூட்டியே வாங்கும் கூடுதல் விமானப் பெட்டியின் விலையைப் பக்கத்தில் வையுங்கள். பெட்டிக்கு 90 என்றால் பதினோரு பெட்டிக்குள் முடிந்தால் விமானமே மலிவு. மூன்று பேருக்குத் தலா இரண்டு பெட்டி இலவசமாக இருந்தால் துணிமணியும் தினசரித் தேவைகளும் அதில் போகும். 12 பெட்டிப் புத்தகம் ஏறக்குறைய 250 கிலோ. அத்தனையும் விமானத்தில் ஏற்றினால் அதுவே பதினொன்றைத் தின்றுவிடும். மறுபடி கிடைக்காத புத்தகங்களை மட்டும் பிரித்து மூன்று பெட்டி ஆக்கி, பாத்திரத்தில் இரண்டு பெட்டி எடுத்து, தையல் மெஷினை ஒரு பெட்டியாகக் கட்டினால் கூடுதலாக ஆறு பெட்டி, 540 அலகு. போய் இறங்கும் அன்றே கையில் இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: கப்பல் வேண்டாம்.

கூடுதல் பெட்டியை விமான நிலையக் கவுண்டரில் வாங்கினால் பொதுவாக விலை அதிகம். தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டாவது நிறுவனத்தின் விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம்; சில தடங்களில் பெட்டிக் கணக்கே இல்லாமல் மொத்த எடை மட்டும் இருக்கும். 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாக இருந்தால் லக்கேஜாக ஏற்கமாட்டார்கள். பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி இவற்றைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம்.

கணக்கு எப்போது கப்பல் பக்கம் சாயும்? ஐந்து ஆண்டுக்கு மேல் தங்குவது உறுதி, அலுவலகம் இரு வழிச் செலவையும் ஏற்கிறது, சேருமிடத்தில் வீடு காலியாகத்தான் கிடைக்கும் என்ற நிலையில் சாயும். அளவு 12, 15 கன மீட்டரைத் தொட்டால் எல்.சி.எல். விலையோடு 20 அடி முழுக் கண்டெய்னர் விலையையும் கேளுங்கள். அதன் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். வீட்டுச் சாமானை அடுக்கினால் 25-லிருந்து 28 வரை பயன்படும்.

புதிதாக வாங்கிப் போட்டு அனுப்பாதீர்கள்

கிளம்புவதற்கு முந்தைய மாதம் புது டி.வி., புதுப் பாத்திரம் வாங்கிக் கண்டெய்னரில் ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. வரிவிலக்கு பொதுவாகப் பயன்படுத்திய பொருளுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிபெயர்பவர் குறைந்தது 12 மாதம் வெளியே வசித்திருக்க வேண்டும். பொருளை ஆறு மாதமாவது வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுச் சாமானுக்கு ஓராண்டுப் பயன்பாடு கேட்கிறார்கள். கனடாவில் பின்னால் வரும் சாமானின் பட்டியலை முதல்முறை நுழையும்போதே சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். விட்டுப்போன பொருளுக்கு வரி வரலாம். ஆஸ்திரேலியா மண் ஒட்டிய செருப்பு, சைக்கிள், தோட்டக் கருவிகளைத் தடுத்து நிறுத்தும். ஏற்றுவதற்கு முன் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

கப்பலில் அனுப்புகிறவர்கள் காப்பீட்டில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல பாலிசிகள் பணம் தராது. கண்ணாடி, பீங்கானை மட்டுமாவது ஏஜென்ட்டின் ஆட்களையே கட்டச் சொல்லுங்கள். பெட்டிப் பட்டியலில் 'சமையல் சாமான்' என்று ஒரே வரியில் முடித்தால் இழப்பைக் காட்ட வழியிருக்காது. பெட்டி எண், பொருள், எண்ணிக்கை, மதிப்பு நான்கும் வேண்டும். மற்றொன்று, கப்பல் ஆபத்தில் சிக்கினால் மீட்கும் செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கிடும் 'பொதுச் சராசரி' என்ற பழைய கடல் விதி. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டியபோது இந்த விதிதான் அமலானது. பங்குக்கு உத்தரவாதம் தராமல் சரக்கை விடமாட்டார்கள். காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தை நிறுவனம் எழுதித் தரும். உங்கள் பாலிசியில் 'பொதுச் சராசரி' சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.